இணைப்பு ஐந்து: வாஷிங் மெஷின்

என் வீட்டுக்காரர் யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் ஃப்ரிட்ஜுக்குப் பின்னால்தான் போவார். "வாங்க, உட்காருங்க" என்று அவர்கள் சொல்லி முடிப்பதற்குள் மனுஷன் சுவருக்கும் ஃப்ரிட்ஜுக்கும் நடுவில் தலையை நுழைத்திருப்பார். வெளியே வரும்போது மூக்கில் ஒட்டடை இருக்கும். "பதினோரு வருஷம். மார்ச்சுல செஞ்சது" என்பார். என்னை முதன்முதலாகப் பார்க்க எங்கள் வீட்டுக்கு வந்த அன்றும் இதே கூத்துதான். எங்கள் ஃப்ரிட்ஜின் வயதைச் சொல்லிவிட்டு, அதற்கப்புறம்தான் என் வயதைக் கேட்டார். இரண்டுக்குமே எங்கள் அப்பா சொன்ன கணக்கு கொஞ்சம் குறைவு என்பது அன்றைக்கே வெளியே வந்துவிட்டது.

அவர் தொழில் ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் பழுதுபார்ப்பது. பட்டப்பெயர் 'தேதி'. எந்த மெஷினின் பின்புறமும் ஒரு தகடோ ஸ்டிக்கரோ ஒட்டியிருக்கும். அதில் மாடல் எண்ணும் வரிசை எண்ணும் இருக்கும். வரிசை எண்ணின் முதல் சில எழுத்துகளில் வருஷமும் மாசமும் ஒளிந்திருக்கும். ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு மாதிரி ஒளித்துவைக்கும். அத்தனையும் இவருக்கு மனப்பாடம். என் பிறந்தநாள் மட்டும் இன்றுவரை மனப்பாடம் ஆகவில்லை. தகடு உரிந்துபோயிருந்தால் மூடியைக் கழற்றி, உள்ளே இருக்கும் பிளாஸ்டிக்கில் ஒரு சின்ன வட்டத்தைத் தேடுவார். சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும். சுற்றிலும் ஒன்று முதல் பன்னிரண்டு வரை எண்கள், நடுவில் ஒரு அம்புக்குறி, அதன் இரண்டு பக்கமும் வருஷத்தின் கடைசி இரண்டு எண்கள். அந்தப் பிளாஸ்டிக் எந்த மாசம் வார்க்கப்பட்டது என்பதை அது சொல்லிவிடும். "தகடு பொய் சொல்லலாம். பிளாஸ்டிக்கு பொய் சொல்லாது" என்று பெரிய ஞானி மாதிரி சொல்வார். அந்த வசனம் திரும்பி வந்து அவர் தலையிலேயே விழுந்த கதையைத்தான் சொல்ல வந்தேன்.

அவருக்கு ஒரு அக்கா. எனக்கு நாத்தனார். ஊரில் யாருக்கும் பயப்படாத இவர், அக்கா போன் செய்தால் எழுந்து நின்றுகொண்டுதான் பேசுவார். பள்ளிக்கூடத்தில் தேறாமல் சுற்றிக்கொண்டிருந்தவரைக் காதைப் பிடித்து இழுத்துப்போய் மெக்கானிக் படிப்பில் சேர்த்துவிட்டது அந்த அக்காதான். அதனால் அவர் மேல் இவருக்கு உயிர். எனக்கும் மரியாதை உண்டு. ஆனால் நான் மடித்த துணியை என் கண்ணெதிரிலேயே பிரித்துத் திரும்ப மடிக்கிறவரிடம் எவ்வளவு மரியாதை இருக்க முடியுமோ அவ்வளவுதான்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் அந்த அக்காவும் அவர் கணவரும் வங்கியில் கடன் வாங்கி, கால்வாய்க்குப் பக்கத்துத் தெருவில் ஒரு வீடு வாங்கினார்கள். சொந்தபந்தமெல்லாம் கூடியிருந்த ஒரு சாயங்காலம் என் வீட்டுக்காரர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "வாஷிங் மெஷின் என் பொறுப்புக்கா. புத்தம் புதுசு" என்றார். எல்லாரும் ஆகா ஓகோ என்றார்கள். வாய் இருந்த அளவுக்குப் பை அப்போது இல்லை. எங்கள் கையிருப்பு எவ்வளவு என்று அந்தக் கூட்டத்தில் தெரிந்த ஒரே ஆள் நான்தான். வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

பத்து நாள் கழித்து எங்கள் பட்டறையிலிருந்து ஒரு பெரிய அட்டைப்பெட்டி வண்டியில் ஏறிப் போனது. அதற்கு முந்தைய நாள் அவர் என் கடைக்கு வந்து, பார்சல் ஒட்டும் அகலமான பழுப்பு டேப்பை இரண்டு சுருள் எடுத்துக்கொண்டு போயிருந்தார். எனக்கு ஜெராக்ஸ் எடுத்து, மனு டைப் அடித்துக் கொடுக்கும் கடை, மாடியில் ஒற்றை அறை.

"எதுக்குங்க ரெண்டு ரோலு?"

"ஒட்டத்தான்."

கடையில் வாங்கிய புது மெஷினுக்கு நாம் எதற்கு டேப் ஒட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. நான் கேட்கவில்லை. காரணத்தையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அடுத்த எட்டு வருஷம் என் நாத்தனார் வருவோர் போவோரிடமெல்லாம், "என் தம்பி புதுசா வாங்கிக் குடுத்தது" என்று அந்த மெஷினைத் தட்டித் தட்டிக் காட்டும்போது, பக்கத்தில் நின்று தலையாட்டுவதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம் இருந்தது. என் துணிமடிப்புக்கு அது சரியாகப் போயிற்று என்று நினைத்துக்கொள்வேன்.

இந்த வருஷ மழையில் கால்வாய் உடைந்தது. தாழ்வான நான்கு தெருக்களில் இடுப்பளவு தண்ணீர், இரண்டு நாள் வடியவில்லை. எங்கள் தெரு மேடு, தப்பித்தோம். மூன்றாம் நாளிலிருந்து என் கடை வாசலில் வரிசை. இன்சூரன்ஸ் உள்ளவர்கள் எல்லாரும் கடிதம் எழுத வந்துவிட்டார்கள். போனில் தகவல் சொல்லி கிளெய்ம் எண் வாங்கியாயிற்று, இனி படத்தோடும் பட்டியலோடும் கடிதம் வேண்டும். ஒவ்வொரு பொருளுக்கும் கம்பெனி பெயர், மாடல் எண், வரிசை எண், வாங்கிய வருஷம். பில் இருந்தால் பில். பில் வெள்ளத்தோடு போயிருந்தால், தோராயமான வயதைச் சொல்லி மெக்கானிக் ஒருவரின் சான்று.

வயது என்றதும் எங்கள் ஆளுக்குக் கொம்பு முளைத்துவிட்டது. ஐந்து நாள் தெருத்தெருவாகச் சேற்றில் நடந்தார். "சுவிட்சு போட்டுப் பாக்காதீங்க. கழுவாதீங்க. இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து பாக்குற வரைக்கும் எதையும் தூக்கிப் போடாதீங்க. ஒரு பொருளுக்கு மூணு போட்டோ. சுவத்துல தண்ணி நின்ன கோடு தெரியுற மாதிரி ஒண்ணு, தகடு படிக்கிற மாதிரி ஒண்ணு, உள்ள சேறு தெரியுற மாதிரி ஒண்ணு." அவர் சொல்ல, நான் டைப் அடிக்க, நாற்பது கடிதம் போயிருக்கும். நடுவில் பெரிய சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு மளிகைக்கடைக்காரர், வேறு யாரையோ பிடித்து, ஒன்பது வருஷ டிவியைப் போன வருஷம் வாங்கியது என்று எழுதிக் கொடுத்தார். சர்வேயர் வந்து டிவியைத் திருப்பி ஸ்டிக்கரைப் படித்தார். டிவி மட்டுமல்ல, அவருடைய மொத்தக் கிளெய்மும் விசாரணை என்று நின்றுவிட்டது. அதைக் கேட்டு எங்கள் ஆள் அரை மணி நேரம் சிரித்தார்.

ஆறாம் நாள் நாத்தனார் முறை வந்தது. வீட்டுக் கடன் வாங்கும்போது வங்கிக்காரர்கள் தலையில் கட்டிய பாலிசி. வீட்டுச் சாமான்களுக்கும் சேர்த்து. அண்ணா, அதாவது நாத்தனாரின் கணவர், அந்தக் காகிதத்தைப் பரணில் போட்டு வைத்திருந்ததால் அது நனையவில்லை. அவர் எதையும் தூக்கிப் போடாதவர். அலுவலகத்தில் கோப்புப் பிரிவில் இருக்கிறார், வீட்டையும் ஒரு கோப்பு என்றே நினைக்கிறவர்.

நான்தான் போனில் படமெடுக்கப் போனேன். ஃப்ரிட்ஜ் தண்ணீரில் மிதந்து, மல்லாந்து, சமையலறை வாசலை அடைத்துக்கொண்டு கிடந்தது. டிவி, மைக்ரோவேவ், இன்வெர்ட்டர் பேட்டரி எல்லாவற்றின் மேலும் ஒரே நிறச் சேறு. கழிவறைக்குப் பக்கத்தில், அந்த வாஷிங் மெஷின். மூன்று மூன்று படம் எடுத்தேன். நாத்தனார் துடைப்பத்தோடு பின்னாலேயே வந்தார். மூலையில் நனைந்த பெட்ஷீட்டுகள் ஒரு மலை.

"ஃப்ரிட்ஜுக்கும் மைக்ரோவேவுக்கும் பில்லு இருக்கும்மா. வாஷிங் மெஷின் பில்லு தம்பிகிட்டதான் இருக்கு. அன்னிக்கே 'எங்கிட்டயே இருக்கட்டும்க்கா'ன்னான். எடுத்துட்டு வரச் சொல்லு."

"சொல்றேன் அண்ணி" என்றேன்.

மத்தியானம் கடையில் உட்கார்ந்து ஒவ்வொரு படமாகப் பெரிதாக்கிக் காட்டினேன். அவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து, தகட்டைப் பார்த்து வயதைச் சொல்லிக்கொண்டே வந்தார். ஃப்ரிட்ஜ் ஆறு வருஷம். டிவி ஏழு. மைக்ரோவேவ் நாலு, பில்லில் எழுத்து அழிந்துபோயிருந்தாலும் கம்பெனி முத்திரை இருந்தது. பேட்டரி மூணு. இணைப்பு ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று அடித்துக்கொண்டே வந்தேன். ஐந்தாவது பொருளின் படத்தைத் திறப்பதற்குள், "எட்டு வருஷம்" என்றார்.

"இன்னும் படமே வரலையே?"

"அதான் நான் வாங்கிக் குடுத்ததாச்சே. எனக்குத் தெரியாதா?"

தகட்டைப் பார்க்காமல் இந்த மனுஷன் ஒரு பொருளின் வயதைச் சொல்லி நான் பார்த்ததே இல்லை. படத்தைப் பெரிதாக்கினேன். மெஷினின் முன்பக்கத்தில் ஆறரை கிலோ என்று போட்டிருந்தது. பின்பக்கத் தகட்டில் ஆறு கிலோ. மாடல் எண்ணும் இங்கே ஒன்று, அங்கே ஒன்று.

"என்னங்க, மூஞ்சி ஒருத்தரோடது, முதுகு ஒருத்தரோடதா இருக்கே?"

அவர் எழுந்து போய் ஜெராக்ஸ் மெஷினுக்குப் பேப்பர் நிரப்பினார். பேப்பர் தட்டு ஏற்கனவே நிறைந்துதான் இருந்தது.

"அதுக்குள்ள எத்தனை மெஷின் இருக்கு?"

"மூணு" என்றார், தட்டைப் பார்த்துக்கொண்டே. உடம்பு ஒன்று, மோட்டார் ஒன்று, தொட்டியும் தகடும் இன்னொன்று. மூன்றும் பட்டறையில் செத்துக் கிடந்தவை. பெயிண்ட் அடித்து, புது ஹோஸ் மாட்டி, சாமான் கடையின் பின்வாசலில் கிடந்த காலி அட்டைப்பெட்டியைக் கேட்டு வாங்கி, என் டேப்பால் ஒட்டி அனுப்பியிருக்கிறார். தொட்டிக்கு இப்போது பதினேழு வயது. இரண்டு வருஷத்தில் கையில் நாலு காசு சேர்ந்ததும் சத்தமில்லாமல் நிஜமான புதுசை வாங்கி மாற்றிவிடலாம் என்று நினைத்தாராம். முதலில் கடை வாடகை ஏறியது, அப்புறம் மகள் பிறந்தாள், அப்புறம் பழகிவிட்டது.

"எட்டுன்னே போட்டுடேன்" என்றார். குரல் எலி மாதிரி இருந்தது.

"போட்டுடறேன். கீழ மெக்கானிக் சான்றுன்னு கையெழுத்து யாரு? நீங்க. சர்வேயர் முன்னாடியும் பின்னாடியும் படிச்சுட்டு, மூடியைத் தொறந்து அந்தப் பொத்தானைப் பாத்தா? வாஷிங் மெஷின் போகட்டும். ஃப்ரிட்ஜு, டிவி, மொத்தமும் மளிகைக்கடைக்காரர் கதிதான். உங்க அக்கா அடுப்புல இருந்து ஆரம்பிக்கணும்."

"அதை மட்டும் பட்டியல்ல விட்டுட்டா?"

"உங்க அக்கா விடுவாங்களா? ஊர் பூரா தட்டிக் காட்டின மெஷினு."

அவர் அழுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அழவும் இல்லை, ஆனால் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்துக்கொண்டே இருந்தார். "எங்கக்கா என் மூஞ்சியில முழிக்கமாட்டா" என்றார். எட்டு வருஷமாக நான் ரசித்த சந்தோஷம் அந்த இடத்தில் எனக்குக் கசந்துவிட்டது.

"டேப்பு நான்தான் குடுத்தேன். வாங்க, சேர்ந்தே போவோம்" என்றேன்.

நாத்தனார் வீட்டுக்குப் போனதும் என் வீட்டுக்காரர் ஸ்க்ரூடிரைவரை எடுத்து வாஷிங் மெஷினின் மேல்மூடியைக் கழற்றினார். நாத்தனார் துடைப்பத்தை ஊன்றி நின்று பார்த்தார். அண்ணா இன்னும் அலுவலகத்திலிருந்து வரவில்லை, அது ஒரு புண்ணியம்.

"பில்லு கொண்டாந்தியா?"

"பில்லு இல்லக்கா. இந்த வட்டம் தெரியுதா? அம்பு எங்க நிக்குது பாரு. இது பதினேழு வருஷம். மோட்டார் பதினாலு. வெளிக்கூடு பன்னெண்டு. மூணு மெஷினைச் சேர்த்து நான் பண்ணினது. புதுசு இல்ல." ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, அடி விழப்போகிறவர் போலக் கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டார்.

நாத்தனார் குனிந்து வட்டத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். நான் பெரிய சத்தத்துக்குத் தயாராக இருந்தேன். அவர் மெதுவாகத்தான் கேட்டார்.

"அப்ப அந்தப் பெல்ட்டு அறுந்ததே?"

"பழைய பெல்ட்டுக்கா."

"தண்ணி வெளிய போகாம நின்னுச்சே, ரெண்டு தடவ?"

"அந்தப் பம்பு வேற மெஷினோடது. சரியா உக்காராது."

"டைமர் நின்னது?"

"அதுவும்."

"நான் பட்டனை முரட்டுத்தனமா திருகறேன்னு சொன்னியே?"

அவர் கழற்றிய திருகாணிகளை எண்ண ஆரம்பித்தார்.

"புது மெஷினை ஆறு மாசத்துக்கு ஒருதரம் ஒடைக்கிறா, இவ கை வெச்சா எதுவும் வெளங்காதுன்னு உங்க மாமா எட்டு வருஷமா சொல்றாரு. நீ இங்க உக்காந்து சாப்பிட்டுக்கிட்டே கேட்டுக்கிட்டு இருந்த. 'பாத்து போடுக்கா, வெயிட்டு அதிகம் போடாத'ன்னு நீயும் சொன்ன. பெட்ஷீட்டு போடக்கூடாதுன்னு அவர் சட்டம் போட்டாரு. எட்டு வருஷமாடா பெட்ஷீட்டை நான் கையால தொவைக்கிறேன். என் கையிலதான் கோளாறுன்னு நானே நம்பிட்டேன்டா."

அவர் கைகளை நீட்டிக் காட்டினார். நான் இத்தனை வருஷத்தில் அந்தக் கைகளைச் சரியாகப் பார்த்ததே இல்லை. விரல் கணுக்களெல்லாம் வெடித்திருந்தன. எனக்கு அவமானமாக இருந்தது. அந்தக் கைகள்தான் என் துணியைத் திரும்ப மடித்தவை.

என் வீட்டுக்காரர் தரையில், அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார். "தப்புதான்க்கா. நான் ஒரு களவாணி" என்றார்.

"எந்திரி. பேண்ட்டை வேற நான்தான் தொவைக்கணுமா?" என்ற நாத்தனார் என் பக்கம் திரும்பினார். "நீ எழுதும்மா. உள்ளதை உள்ளபடி எழுது. அப்புறம் நான் ஒரு வரி சொல்றேன், அதையும் சேரு."

அந்த வரியைக் கேட்டு, "அண்ணி, இன்சூரன்ஸ்காரங்களுக்கு இது தேவையில்லாதது" என்றேன்.

"எனக்குத் தேவை."

டைப் அடித்தேன். என் கடைக் கணினியில் அந்தக் கடிதம் இன்னும் இருக்கிறது. ஐந்தாவது பத்தி இப்படி:

"இணைப்பு 5: வாஷிங் மெஷின், மேல்மூடி வகை. படங்கள் 13 முதல் 16 வரை. இது ஒரே மாடல் அல்ல. மூன்று பழைய மெஷின்களின் பாகங்களைச் சேர்த்து என் தம்பி செய்து அன்பளிப்பாகக் கொடுத்தது. முன்பக்க மாடல் எண்ணும் பின்பக்கத் தகட்டின் மாடல் எண்ணும் அதனால் வேறுபடும். தோராயமான வயது: தொட்டி 17 வருடம் (படம் 16-இல் வார்ப்புத் தேதி தெரிகிறது), மோட்டார் 14, வெளிக்கூடு 12. எங்கள் வீட்டில் உபயோகம் 8 வருடம். பில் கிடையாது. இதற்கு முன் இந்த மெஷினில் ஏற்பட்ட பழுதுகள் அனைத்தும் பாகங்களின் பழமையால் ஏற்பட்டவை. உபயோகித்தவரின் கையால் ஏற்பட்டவை அல்ல என்று மெக்கானிக் சான்றளிக்கிறார்."

கீழே 'தேதி' மெக்கானிக் கையெழுத்துப் போட்டார். நாற்பது கையெழுத்தில் இதை மட்டும்தான் முழுதும் படித்துவிட்டுப் போட்டார். பாலிசி அண்ணா பெயரில், கடிதமும் அவர் பெயரில்தான் போக வேண்டும். அன்று சாயங்காலம் அவர் அலுப்போடு வந்து, ஆறு பக்கத்தில் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, படிக்காமலே கையெழுத்திட்டார். 'என் தம்பி' என்று அவர் பெயரில் எழுதியிருப்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மச்சினனைத் தம்பியாக்கியதற்கு அவர் கோபித்துக்கொள்ளவா போகிறார் என்று விட்டுவிட்டேன். வாழ்நாள் முழுவதும் காகிதம் படித்துச் சம்பளம் வாங்குகிறவர் படிக்காமல் விட்ட ஒரே காகிதம் அது.

நான்கு நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் சர்வேயர் வந்தார். மழைக்கோட்டைக் கழற்றாத, தூக்கம் போதாத ஒரு ஆள். நாங்கள் எல்லாரும் இருந்தோம். கையில் எங்கள் கடிதம். ஒவ்வொரு பொருளாகப் போய்த் தகட்டையும் கடிதத்தையும் ஒப்பிட்டு, தானும் படமெடுத்துக்கொண்டார். சுவரின் தண்ணீர்க் கோட்டை அளவு டேப் வைத்து அளந்தார். அண்ணா பின்னாலேயே கையைக் கட்டிக்கொண்டு நடந்து, "எல்லாம் நல்லா வெச்சிருந்தோம் சார். வாஷிங் மெஷின் ஒண்ணுதான், வீட்டுல கொஞ்சம் முரட்டுக் கை" என்று சிரித்தார்.

சர்வேயர் நின்றார். கடிதத்தைப் பார்த்தார், அண்ணாவைப் பார்த்தார். "நீங்கதானே சார் எழுதியிருக்கீங்க?" என்று கேட்டுவிட்டு, ஐந்தாவது பத்தியை முதலிலிருந்து சத்தமாகப் படித்தார். அலுவலகக் குரல், ஏற்றம் இறக்கம் எதுவும் இல்லை. "உபயோகித்தவரின் கையால் ஏற்பட்டவை அல்ல" என்ற இடத்தில் மட்டும், புரிகிறதா என்று சரிபார்க்கிற மாதிரி நிமிர்ந்தார்.

"கையெழுத்து உங்களோடதுதானே?"

"என்... என்னோடதுதான்" என்றார் அண்ணா.

"இருபது வருஷ சர்வீஸ்ல மாடல் எண் தப்புன்னு பாலிசிதாரரே எழுதிக் குடுத்து இன்னிக்குத்தான் பாக்கறேன். இந்த வயசுக்குத் தேய்மானம் கழிச்சா இதுக்கு ஒண்ணும் நிக்காது சார். பழைய இரும்பு விலைதான். மத்ததெல்லாம் சரியா இருக்கு, நான் சிபாரிசு பண்ணிடறேன்." மூடியைத் திறந்து அந்தப் பொத்தான் வட்டத்தைப் பார்த்தார். என் வீட்டுக்காரரைப் பார்த்து, "எட்டு வருஷம் ஓடிச்சா இது?" என்றார்.

"ஓட வெச்சேன் சார்."

"பொழச்சுக்குவீங்க" என்று சொல்லிவிட்டு மழைக்கோட்டோடு போய்விட்டார்.

வாசல் கதவு சாத்திய சத்தம் கேட்டது. அண்ணா கடிதத்தின் நகலை மேசையிலிருந்து எடுத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, இந்த முறை படித்தார். இரண்டு முறை படித்தார். மச்சினனைத் திட்டுவார் என்று பார்த்தேன். திட்டத்தான் வாயெடுத்தார்.

"அவனை அப்புறம் திட்டிக்கலாம்" என்றார் நாத்தனார். "அது எங்க அக்கா தம்பி விவகாரம், நான் பாத்துக்கறேன். இப்ப அந்த பெட்ஷீட்டுங்களை எடுத்துக்கிட்டு பின்கட்டுக்குப் போங்க. பதினோரு பெட்ஷீட்டு. சேறு போகணும். கையால."

"நானா?"

"உங்க கை நல்ல கைதானே."

அண்ணா போனார். பின்னாலேயே, யாரும் சொல்லாமலே, என் வீட்டுக்காரரும் போனார். பின்கட்டில் இரண்டு வாளி, ஒரு துவைக்கும் கல். இரண்டு ஆண்களும் பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து முறுக்கினார்கள், இவர் ஒரு பக்கமும் அவரும் அதே பக்கமுமாக. தண்ணீர் வடியவே இல்லை. மூன்றாவது பெட்ஷீட்டில் அண்ணாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. நாத்தனார் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே டீ குடித்தார். எனக்கும் ஒரு டம்ளர் கொடுத்தார். பதினோராவது பெட்ஷீட் கொடியில் ஏறும்போது பொழுது சாய்ந்துவிட்டது. அவர்களுக்கு டீ வரவில்லை.

ஐந்து வாரத்தில் கிளெய்ம் பணம் வந்தது. இணைப்பு ஒன்று முதல் நான்கு வரை தேய்மானம் போக. இணைப்பு ஐந்துக்கு நேராக ஒரு பூஜ்யம். நாத்தனார் அந்தக் காகிதத்தையும் எங்கள் கடிதத்தின் நகலையும் சேர்த்துக் குத்தி அண்ணாவின் கோப்பில் முதல் பக்கமாக வைத்துவிட்டார். அண்ணா எப்போது கோப்பைத் திறந்தாலும் முதலில் அதுதான்.

என் வீட்டுக்காரர் தன் வண்டியை விற்றார். யாரும் கேட்காமலே விற்றார். இப்போது ஸ்க்ரூடிரைவர் பையோடு பஸ்ஸில்தான் போகிறார். ஒரு சனிக்கிழமை சாமான் கடை வண்டியில் ஒரு பெட்டி நாத்தனார் வீட்டுக்கு வந்து இறங்கியது. பில்லை முதல் ஆளாக அக்கா கையில் கொடுத்தார். பெட்டியைப் பிரித்து, மெஷினைத் திருப்பி, முழங்காலிட்டுத் தகட்டைப் படித்தார். மூடியைத் திறந்து உள்ளேயும் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"ரெண்டு மாசம்க்கா. எல்லாமே ரெண்டு மாசம்" என்றார். குரல் உடைந்துவிட்டது.

நாத்தனார் அவர் தலையில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். அவ்வளவுதான், அக்கா தம்பி விவகாரம் முடிந்தது என்று எனக்குப் புரிந்தது. ஒதுங்கி நின்று, பிரித்துப் போட்ட அட்டையை மடிக்க ஆரம்பித்தேன்.

நாத்தனார் என் பக்கத்தில் வந்து நின்றார். அட்டையில் ஒட்டியிருந்த டேப்பை விரலால் தடவிப் பார்த்தார். கம்பெனிப் பெயர் அச்சடித்த டேப்.

"பழைய பொட்டியில வெறும் பழுப்பு டேப்புதான் இருந்துச்சு" என்றார், என்னை மட்டும் பார்த்து, தாழ்ந்த குரலில். "உன் கடையில கட்டுக் கட்டா இருக்குமே, அந்த மாதிரி."

எத்தனை வருஷமாக அவர் இதை யோசித்து வைத்திருக்கிறார், அன்றைக்கேவா, போன மாசமா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கத் தைரியமும் இல்லை.

"ஆமா அண்ணி. என் டேப்புதான்" என்றேன்.

அவர் உள்ளே போய் இரண்டு பெட்ஷீட்டைக் கொண்டுவந்து புது மெஷினில் போட்டு, பட்டனைத் திருகினார். நாங்கள் நாலு பேரும் நின்று அது சுற்றுவதைப் பார்த்தோம். முடிந்ததும் ஒன்றை எடுத்து, ஒரு முனையை என் கையில் கொடுத்தார்.

"புடி. மடிக்கச் சொல்லித் தரேன்."

பிடித்துக்கொண்டேன்.